4 மீட்டரில் பாறை என்றது நில அதிர்வு சர்வே, துளை போட்ட போரில் 12 மீட்டரில்தான் கிடைத்தது

“தரையில் அடித்து எழுப்பும் அதிர்வைப் பதிய ஒரு மீட்டர் இடைவெளியில் 24 ஜியோபோன் வைத்தோம். 4 மீட்டருக்குக் கீழே அலைக்கு வினாடிக்கு 1,550 மீட்டர் வேகம் வந்ததால் பாறை என்றார்கள். போர் போட்டால் அங்கே களிமண், பாறை 12 மீட்டரில். எதை நம்புவது?”

போரை நம்புங்கள். அந்த 1,550 பெரும்பாலும் நிலத்தடி நீர்மட்டம். தண்ணீரில் ஒலி வேகம் கிட்டத்தட்ட 1,500. நீர் நிறைந்த மண்ணும் அதை ஒட்டியே காட்டும். சிதையாத கருங்கல் என்றால் பொதுவாக 4,000க்கு மேல் வரும்.

பக்கத்துக் கிணற்றில் கயிறு விட்டு அளந்து பாருங்கள். தண்ணீர் 4 மீட்டரை ஒட்டி நின்றால் சந்தேகமே வேண்டாம்.

சரி, நிஜப் பாறை ஏன் தெரியவில்லை? உங்கள் வரிசையின் நீளம் 23 மீட்டர்தான். மேல்மண்ணில் 400, நீர் நிறைந்த களிமண்ணில் 1,550, பாறையில் 4,500 என்று வைத்துக் கணக்கிட்டால், பாறை வழியாக வரும் அலை சுமார் 24 மீட்டருக்கு அப்பால்தான் முந்தி வரும். நாம் குறிப்பதோ முதலில் வரும் அலையை. அதாவது, பாறையின் அலை முந்துவதற்குள் வரிசை முடிந்துவிட்டது.

இடைவெளியை 3 மீட்டராக்குங்கள். இரு முனைகளிலும், அப்புறம் வரிசைக்கு வெளியே 20 மீட்டர் தள்ளியும், இரும்புத் தகட்டில் சம்மட்டியால் பலமுறை அடித்துப் பதிவுகளைக் கூட்டுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: களிமண்ணுக்கும் பாறைக்கும் நடுவே மெல்லிய சிதைந்த பாறை இருந்தால் அதன் அலை முதலில் வராமலே போகலாம். அப்போது கெட்டிப்பாறை உள்ளதைவிட மேலே இருப்பதாகக் கணக்கு வரும். அதனால் இன்னும் ஒரு போராவது போட்டு ஒப்பிடாமல் அஸ்திவார ஆழத்தை முடிவு செய்யாதீர்கள்.