முன்கூட்டி முடிக்கும் கடிதத்தில் அசல் இரண்டு தடவை ஏறியிருக்கிறதா?

கேள்வி: பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறோம். தறி வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் 6 லட்சம் ரூபாய் கடன். 15 சதவீத நிலையான வட்டி, 36 மாதம், தவணை 20,799. பத்தொன்பது தவணை கட்டிவிட்டோம். 5ஆம் தேதி எடுக்க வேண்டிய இருபதாவது தவணை வங்கியில் பணமில்லாமல் திரும்பிவிட்டது. முன்பும் சில தடவை தாமதம். எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மாதம் இருக்கும். கடனை மொத்தமாக முடிக்கக் கேட்டோம். 18ஆம் தேதியிட்ட கடிதத்தைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நிலுவை அசல் 3,16,774. நிலுவைத் தவணை 20,799. 13 நாள் வட்டி 1,692. அபராதம் 2,416, அதற்கு ஜிஎஸ்டி 435. தவணை திரும்பியதற்கு 500. முன்கூட்டி முடிக்கும் கட்டணம் 4 சதவீதம் 12,671, அதற்கு ஜிஎஸ்டி 2,281. மொத்தம் 3,57,568. எங்களிடம் உள்ள அட்டவணையில் இருபதாம் வரிசையில் மீதி அசல் 2,99,935 என்றுதான் இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டு எண்களும் சரி. இரண்டும் இரண்டு வெவ்வேறு நிலைகளைச் சொல்கின்றன. தவறு கடிதம் அவற்றைக் கூட்டிய விதத்தில் இருக்கிறது.

அட்டவணையை எடுத்து ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கட்டத்தையும் பாருங்கள். பத்தொன்பதாம் வரிசையின் முடிவில் 3,16,774 இருக்கும். கடிதத்தில் உள்ள நிலுவை அசலும் அதே எண்தான், ஒரு ரூபாய்கூட மாறவில்லை. அப்படியென்றால், இருபதாவது தவணை வரவில்லை என்று எடுத்துக்கொண்டு, பத்தொன்பதோடு கணக்கை நிறுத்தி அசலை எழுதியிருக்கிறார்கள். அதுவரை குற்றமில்லை. கடிதத்தின் அசல் அட்டவணையின் எந்த வரிசையோடு ஒத்துப்போகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், எத்தனை தவணை வரவு வைத்திருக்கிறார்கள் என்பது கடிதம் சொல்லாமலே தெரிந்துவிடும். முடிப்புக் கடிதம் எது வந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

அடுத்த வரிதான் சிக்கல். இருபதாவது தவணையான 20,799 என்பது அசலும் வட்டியும் கலந்த தொகை. 3,16,774க்கு ஒரு மாத வட்டி 3,960. மீதி 16,839 அசல். இந்த 16,839 ஏற்கெனவே 3,16,774க்குள் இருக்கிறது. முழுத் தவணையையும் தனியாகச் சேர்க்கும்போது அதே அசலை இரண்டாவது தடவை கேட்கிறார்கள்.

சரியான கணக்கை இரண்டு வழியில் எழுதலாம். பத்தொன்பதாம் வரிசையின் அசலோடு வட்டியை மட்டும் சேர்க்கலாம்: 3,16,774 + 3,960. அல்லது இருபதாம் வரிசையின் அசலோடு முழுத் தவணையையும் சேர்க்கலாம்: 2,99,935 + 20,799. இரண்டிலும் விடை 3,20,734தான். கடிதம் முதல் வழியின் அசலையும் இரண்டாம் வழியின் தவணையையும் எடுத்துக்கொண்டதால் 3,37,573 ஆகிவிட்டது. அதிகம் 16,839. வேண்டுமென்றே செய்தார்களா என்று கேட்காதீர்கள். நிலுவை அசலை மென்பொருள் ஓரிடத்திலிருந்தும் நிலுவைத் தவணையை வேறோரிடத்திலிருந்தும் எடுத்துப் போடும்போது இப்படி நேரும். அதற்காக நீங்கள் கட்ட வேண்டியதில்லை.

“இல்லை, 3,16,774 என்பது நிலுவைத் தவணை போக உள்ள அசல்” என்று கிளையில் சொல்லக்கூடும். அதற்குப் பதில் கடிதத்திலேயே இருக்கிறது. 13 நாளுக்கு 1,692 வட்டி போட்டிருக்கிறார்கள், அதாவது நாளைக்கு 130 ரூபாய் சொச்சம். அதை 365ஆல் பெருக்கி 15 சதவீதத்துக்கு எவ்வளவு அசல் என்று பின்னோக்கிப் போனால் 3 லட்சத்து 16 ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. அவர்களே வட்டி கணக்கிட்ட மொத்த அசல் அவ்வளவுதான். அதற்கு வெளியே இன்னொரு 16,839 அசல் இருந்திருந்தால், நாள் வட்டி 137க்கு மேல் போயிருக்கும். நாள் வட்டியை மாற்றி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை என்பதால் இந்தச் சோதனை பெரும்பாலும் கைகொடுக்கிறது.

கடிதத்தின் அசல் அட்டவணையின் எந்த வரிசையோடும் பொருந்தாமல் போவதும் உண்டு. அப்போது அட்டவணையை வைத்துக்கொண்டு வாதாடிப் பயனில்லை. அட்டவணை கடன் கொடுத்த நாளில் போட்ட திட்டம் மட்டுமே. நடந்தது என்ன என்பது கணக்கு அறிக்கையில், அதாவது ஸ்டேட்மென்ட்டில்தான் இருக்கும். இடையில் வட்டி மாறியதா, காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்தார்களா, அபராதத்தை அசலில் ஏற்றினார்களா என்பதெல்லாம் அங்கே தெரியும். கடைசியாகச் சொன்னதற்கு இடமே இல்லை. தாமத அபராதத்தைக் கூடுதல் வட்டியாக வசூலிக்கக் கூடாது, கட்டணமாகத்தான் போட வேண்டும், அதை அசலில் சேர்த்து மேற்கொண்டு வட்டி வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18இல் சுற்றறிக்கை விட்டது. பழைய கடன்களும் 2024 ஜூன் 30க்குள் இந்த முறைக்கு மாறியிருக்க வேண்டும்.

இனி அபராதத்துக்கு வருகிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் அபராத விகிதம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை, எடுத்துப் பாருங்கள். மாதம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தவணைக்கு மாதம் 416 ரூபாய், நாளைக்கு 14 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2,416 ரூபாய் அபராதம் சேர வேண்டுமானால் நீங்கள் 174 நாள் தாமதித்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் ஒன்றரை மாதத்துக்கு 624 ரூபாயை ஒட்டித்தான் வரும். கூலிப் பட்டுவாடா தள்ளிப்போகிற மாதங்களில் தவணையும் தள்ளிப்போவது தறிக்காரர்களுக்குப் புதிதல்ல. எத்தனை நாள் என்று ஞாபகம் தவறுவதும் இயல்பு. ஆகவே அபராதத் தொகை தவறு என்று இப்போதே முடிவு கட்ட மாட்டேன். எந்தத் தவணைக்கு எத்தனை நாள், என்ன விகிதம் என்று தேதிவாரியாகக் கேளுங்கள். முன்பு தாமதமானபோதே வசூலிப்பவரிடம் அபராதத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், அந்த ரசீதுகளைத் தேடி எடுங்கள். கட்டிய அபராதமே மறுபடி கடிதத்தில் தலைகாட்டுவதுண்டு.

அபராதத்தின் மேல் போட்ட ஜிஎஸ்டி 435 விஷயத்தில் அவ்வளவு நிதானம் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி வசூலிக்கும் அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஜனவரி 28இல் தெளிவுபடுத்திவிட்டது. அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.

முன்கூட்டி முடிக்கும் கட்டணம் நிலையான வட்டிக் கடன் என்பதால் உங்களுக்கு இருக்கத்தான் செய்யும். 4 சதவீதம் என்பது அனுமதிக் கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடன் 2024 அக்டோபர் 1க்குப் பிறகு அனுமதிக்கப்பட்டிருந்தால், கட்டணங்களைப் பட்டியலிடும் முக்கிய விவர அறிக்கை ஒன்றையும் கொடுத்திருப்பார்கள்; அதில் தேடுவது எளிது. என் சந்தேகம் விகிதத்தின் மேல் இல்லை, அது எந்தத் தொகையின் மேல் போடப்பட்டது என்பதில் இருக்கிறது. 12,671 என்பது 3,16,774க்கு 4 சதவீதம். அதிலுள்ள 16,839 ஏற்கெனவே கெடு முடிந்த அசல். அதைத் தாமதமாகக் கட்டுகிறீர்களே தவிர முன்கூட்டிக் கட்டவில்லை. கெடுவுக்கு முன்னால் செலுத்துவது 2,99,935 மட்டுமே. அதற்கு 4 சதவீதம் 11,997, ஜிஎஸ்டி 2,159. கடிதத்தைவிட 796 ரூபாய் குறைவு. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கும் அல்லது புதுப்பிக்கும் கடன்களுக்கு, முன்கூட்டிச் செலுத்தும் தொகையை அடிப்படையாக வைத்தே கட்டணம் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உங்களுடையது அதற்கு முந்தைய கடனாக இருந்தால் ஒப்பந்த வாசகம்தான் பேசும். “நிலுவை அசலில்” என்று அங்கே பொதுவாக எழுதியிருந்தால் இந்த 796க்காக அதிகம் மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆக, அபராதத்தைத் தொடாமலே 18,070 ரூபாய் குறைய வேண்டும். 3,39,498 என்பதுதான் நான் எதிர்பார்க்கும் தொகை.

படமாக வந்த கடிதம் என்பதால் இன்னொன்று. உங்கள் படத்தில் எட்டு வரிகளையும் கூட்டினால் மொத்தம் சரியாக வருகிறது, எனவே எண்கள் தெளிவாகவே வந்திருக்கின்றன. மங்கலான படங்களில் 3ஐ 8 என்று படித்துவிட்டு இல்லாத வித்தியாசத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. கூட்டிப் பார்த்தால் அது அப்போதே தெரிந்துவிடும். ஆனால் படம் பாதியில் வெட்டப்பட்டிருந்தால் கூட்டல் உதவாது. கடிதம் எந்தத் தேதி வரை செல்லும், எந்தத் தவணை வங்கியில் வசூலுக்குப் போயிருக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். பிடிஎஃப் வடிவில், நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்தோ செயலியிலிருந்தோ வாங்கிக்கொள்ளுங்கள். படத்தில் எழுதியிருக்கிற வங்கிக் கணக்குக்கோ யாருடைய யுபிஐ எண்ணுக்கோ பணம் அனுப்பாதீர்கள். உங்கள் கடன் கணக்கு எண்ணில் நேரடியாக வரவாகும் வழியில் மட்டும் செலுத்துங்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடிதத்தோடு வழக்காடுவதற்கு முன் இருபதாவது தவணை 20,799ஐக் கட்டிவிடுங்கள். அது எப்படியும் கொடுக்க வேண்டிய பணம். கட்டியதும் அபராதம் வளர்வது நிற்கும், சிபில் அறிக்கையில் நிலுவை நீளாது. அது வரவானதும் புதிய முடிப்புக் கடிதம் கேளுங்கள். நிலுவைத் தவணை என்ற வரியே அதில் இருக்க முடியாது. அசல் அட்டவணையின் இருபதாம் வரிசையில் உள்ள 2,99,935 ஆக வந்தாக வேண்டும். கட்டணத்தின் அடிப்படைத் தொகையும் தானாகச் சரியாகிவிடும். மீதமிருக்கும் பேச்சு அபராதமும் 435 ரூபாய் வரியும் மட்டும்தான்.

புதிய கடிதத்திலும் 3,16,774 இருந்தால், தவணை வரவு வைக்கப்படவில்லை என்று பொருள். ரசீதோடு, மேலே சொன்ன கூட்டலையும் எழுதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். காத்திருக்கும் நாளுக்கு உங்களுக்கு வட்டிச் செலவு 130 ரூபாய்க்குள்தான். பத்து நாள் பொறுத்தாலும் 1,300. அவசரப்பட்டு 3,57,568ஐக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பதைவிட அது மலிவு. ஒரே ஒரு எச்சரிக்கை: அடுத்த மாதம் 5ஆம் தேதியை ஒட்டி முடிக்காதீர்கள். தானியங்கிப் பிடித்தத்துக்கான கோரிக்கை சில நாள் முன்பே வங்கிக்குப் போய்விடும்; கடன் முடிந்த பிறகும் இன்னொரு 20,799 உங்கள் கணக்கிலிருந்து போகக்கூடும்.