தலைகீழ் வகுப்பறையா, விரிவுரையா? பொறியியல் ஆசிரியர்களுக்கான கேள்வி பதில்

புதிய விரிவுரையாளர்: இளநிலைப் பொறியியலில் எந்த முறை சிறந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன?

புதிய பாடத்தை வீட்டில் காணொளியில் பார்த்துவிட்டு, வகுப்பு நேரத்தில் கணக்குப் போடுவதே தலைகீழ் வகுப்பறை. அதன் பக்கம் ஒரு சாய்வு உண்டு, ஆனால் அது சிறியது. பொறியியல் பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு லோ, ஹ்யூ இருவரும் 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், 29 ஒப்பீடுகளின் சராசரி வேறுபாடு 0.289 திட்டவிலக்கம். ஒரு தேர்வின் திட்டவிலக்கம் 15 மதிப்பெண் என்றால், வகுப்பின் சராசரி ஏறத்தாழ நான்கு மதிப்பெண் உயரும் என்று பொருள்.

கூட்டங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது இதைவிடப் பெரிய எண்: விரிவுரை வகுப்புகளில் 33.8 சதவீதத் தோல்வி, மற்றவற்றில் 21.8 சதவீதம். ஃப்ரீமன் குழுவினர் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு அது. அவர்கள் விரிவுரையோடு ஒப்பிட்டது வகுப்பில் மாணவர்களைச் செயலில் ஈடுபடுத்தும் முறைகள் அனைத்தையும்தான்; வீட்டில் காணொளி பார்ப்பதை அல்ல. அந்த எண்ணைக் காட்டிக் காணொளிக் கூடம் கட்ட நிதி கேட்பது முறையன்று.

எந்த ஒப்பீட்டைப் படித்தாலும், இரு பிரிவு மாணவர்களும் வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் அந்தப் பாடத்துக்குச் செலவிட்டார்கள் என்பதை முதலில் தேடுங்கள். அது குறிப்பிடப்படாத ஆய்வை நான் பாதி மதிப்புக்குத்தான் எடுத்துக்கொள்வேன்.

கட்டமைப்பியல் ஆசிரியர்: என் விரிவுரைகளை அப்படியே பதிவுசெய்து கொடுத்துவிட்டு, வகுப்பில் சந்தேகம் கேட்கச் சொன்னேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. காணொளியின் தரம்தான் காரணமோ?

தரம் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. எது புரியவில்லை என்பதே தெரியாத மாணவரிடம் சந்தேகம் இராது. அவர் கையில் ஒரு கணக்கைக் கொடுத்தால்தான் அது வெளிவரும்.

உங்கள் பாடத்திலிருந்தே ஒன்றைப் பார்ப்போம். இரு முனைகளிலும் எளிய தாங்கிகள் உள்ள 6 மீட்டர் உத்தரம். அதன் மீதுள்ள முக்கோணப் பரவல் சுமை இடமுனையில் சுழியத்தில் தொடங்கி, வலமுனையில் மீட்டருக்கு 12 கிலோநியூட்டனை எட்டுகிறது. மொத்தச் சுமை 36 கிலோநியூட்டன். அது இடமுனையிலிருந்து 4 மீட்டரில் செயல்படுகிறது. எனவே எதிர்விசைகள் இடப்பக்கம் 12, வலப்பக்கம் 24. இதை முந்தைய இரவு வரவேண்டிய மூன்று வினாச் சிறுதேர்வில் கேளுங்கள். இருபுறமும் 18 என்று எழுதியவர்கள் சுமையை நடுவில் வைத்தவர்கள். அவர்கள் பலராக இருந்தால், வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தை அதற்கே ஒதுக்குங்கள். வகுப்புத் தொடக்கத்தில் சுருக்கமான மீள்பார்வை இருந்த இடங்களில் பலன் கூடியது என்பதும் லோ, ஹ்யூ கண்ட முடிவுதான்.

பிறகு நான்கு பேர் கொண்ட குழுக்களுக்கு முப்பது நிமிடம் கொடுத்து, இடமுனையிலிருந்து 3 மீட்டரில் வளைவுத் திருப்புத்திறனைக் கேளுங்கள். சில குழுக்கள் 36 கிலோநியூட்டன்-மீட்டர் என்று கொண்டுவரும். முழுச் சுமையையும் ஒரே விசையாக மாற்றிவிட்டு, அதன் பின்னர் உத்தரத்தை வெட்டியிருப்பார்கள். அந்த விசை வெட்டுக்கு வலப்பக்கம் போய்விட்டதால், எஞ்சியது 12 பெருக்கல் 3 மட்டும். முதலில் வெட்டியிருந்தால், இடப்பகுதியில் 9 கிலோநியூட்டன் சுமை வெட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளிச் செயல்படுவதும், விடை 27 என்பதும் தெரிந்திருக்கும். கரும்பலகையில் நாம் எப்போதும் சரியான வரிசையிலேயே செய்து காட்டுவதால், விரிவுரையில் இந்தத் தவறு தலைகாட்டாது; இறுதித் தேர்வின் விடைத்தாளில்தான் முதன்முதலாகச் சந்திப்போம். தலைகீழ் வகுப்பறை வாங்கித் தருவது இந்த முப்பது நிமிடத்தைத்தான். அதை நீங்கள் மௌனத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

மின்னியல் ஆசிரியை: காணொளி எத்தனை நிமிடம் இருக்கலாம்?

ஆறு முதல் பத்து நிமிடம், ஒன்றில் ஒரே கருத்து. நீண்ட காணொளிகளில் பார்வையாளர்களின் கவனம் ஆறு நிமிடத்தை ஒட்டியே நின்றுவிடுவதை, இணையவழிப் பாடங்களை ஆராய்ந்த குவோ குழுவினர் 2014இல் காட்டியுள்ளனர்.

மூத்த பேராசிரியர்: இது வீட்டுப்பாடத்தை இரட்டிப்பாக்கும் தந்திரமே. நல்ல விரிவுரையாளர் நடுநடுவே கேள்வி கேட்டு அதே பலனைப் பெறுவார்.

ஐயா, இரண்டாவது வாக்கியத்தை நான் பெருமளவு ஏற்கிறேன். ஜென்சன் குழுவினர் 2015இல், உயிரியல் பாடம் ஒன்றில், இரு பிரிவுகளையும் செயல்வழியிலேயே நடத்தி, புதிய கருத்தை வகுப்பில் அறிமுகப்படுத்துவதா, வீட்டிலா என்பதை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். கற்றலில் வேறுபாடு தென்படவில்லை. ஆக, தலைகீழாக்குவதே பலன் தருகிறது என்று சொல்ல முடியாது.

முதல் வாக்கியம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. விரிவுரையைக் காணொளிக்கு மாற்றிவிட்டுப் பழைய வீட்டுப்பாடத்தையும் அப்படியே வைத்திருக்கும் ஆசிரியர்கள் மீது உங்கள் குற்றச்சாட்டு நியாயமானது. வீட்டுப்பாடத்தின் பெரும்பகுதியை வகுப்புக்குள் கொண்டுவந்தவர்களுக்கு அது பொருந்தாது.

மூத்த பேராசிரியர்: அப்படியானால் பாடத்திட்டத்தை எப்படி முடிப்பீர்கள்? ஒரு உத்தரக் கணக்குக்கு முப்பது நிமிடம் போனால், கட்டுப்பாட்டு அமைப்பியல் போன்ற பாடம் பாதியில் நிற்கும்.

நீங்கள் சொன்ன பாடத்திலேயே பதில் இருக்கிறது. மேசன், ஷூமன், குக் மூவரும் இயந்திரவியல் மாணவர்களுக்கான கட்டுப்பாட்டு அமைப்பியலில் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2013இல் எழுதினார்கள். தலைகீழ் வகுப்பறையில் ஆசிரியரால் கூடுதல் பாடப்பகுதியை முடிக்க முடிந்தது. தேர்வுகளில் மாணவர்கள் சமமாகவோ மேலாகவோ செய்தார்கள். தொடக்கத்தில் தடுமாறினாலும் விரைவில் பழகிக்கொண்டார்கள். ஆனால் அது ஒரே பாடம். உங்கள் ஐயம் அத்துடன் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

இரண்டாம் ஆண்டு மாணவி: ஆசிரியர் நடத்தினால் நன்றாகப் புரிகிறது. குழுவில் கணக்குப் போட்டால் ஒன்றும் கற்காதது போலிருக்கிறது. நாங்களே படித்துக்கொள்ள ஆசிரியர் எதற்கு?

அந்த உணர்வு உண்மையானது. ஆனால் அதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் டெலோரியே குழுவினர் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், செயல்வழியில் கற்றவர்கள் தேர்வில் கூடுதலாகப் பெற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே எண்ணினார்கள். சரளமான விரிவுரை, கேட்பவருக்குத் தானும் அதைச் செய்துவிடலாம் என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. குழுக்களிடையே நடந்து திருத்தாமல் உங்கள் ஆசிரியர் மேசையிலேயே அமர்ந்திருக்கிறார் என்றால், உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. அதை அவரிடமே கேளுங்கள்.

முதலாம் ஆண்டு மாணவர்: காணொளி இருந்தால் வகுப்புக்கு வரத் தேவையில்லைதானே?

நேர்மாறு. விரிவுரையைத் தவறவிட்டால் குறிப்பேட்டை இரவல் வாங்கலாம். இங்கே அது உதவாது.

கணினியியல் ஆசிரியர்: 25 நிமிடக் காணொளி பரவாயில்லையா? எந்த மென்பொருளில் பதிவுசெய்யலாம்?

நீளத்துக்கு மின்னியல் ஆசிரியைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். மென்பொருள் என் துறை அன்று. அதற்கான நேரத்தை வகுப்பில் கொடுக்கும் கணக்குகளைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடுங்கள்.

துறைத் தலைவர்: அடுத்த பருவத்தில் இரு பிரிவுகளை வைத்து நாங்களே ஒப்பிட எண்ணுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே வினாத்தாள், பிரிவு தெரியாமல் திருத்துதல், முன் பருவ மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்தல் ஆகிய மூன்றும் அடிப்படை. இரு பிரிவுகளையும் ஒரே ஆசிரியர் நடத்துவது நல்லது. ஆனால் அவர் புதிய முறையில் ஆர்வமுள்ளவர் என்றால் அந்த ஆர்வமும் முடிவில் கலந்துவிடும். இதை முழுமையாக நீக்க வழியில்லை. மீண்டும் சொல்கிறேன்: வாரந்தோறும் இரு பிரிவினரிடமும் அந்தப் பாடத்துக்குச் செலவான நேரத்தைக் கேட்டுக் குறித்து வையுங்கள்.

மூத்த பேராசிரியர்: அந்த ஒப்பீட்டில் விரிவுரைப் பிரிவை நான் நடத்தினால்?

நடத்துங்கள், ஐயா. நடுநடுவே கேள்வி கேட்கும் உங்கள் வழக்கத்தையும் மாற்ற வேண்டாம். ஆனால் அப்போது அளக்கப்படுவது விரிவுரைக்கும் தலைகீழ் வகுப்பறைக்கும் உள்ள வேறுபாடு அன்று. இருவகைச் செயல்வழி வகுப்புகளுக்கு இடையிலான வேறுபாடுதான். அறிக்கையின் தலைப்பிலேயே துறைத் தலைவர் அதைத் தெளிவாக எழுத வேண்டும்.