ஆயிரம் முறை அளந்தும் 20 மில்லிசெகண்ட் பிசகுவது ஏன்?

கேள்வி: என்னிடம் ஒரு கம்ப்யூட்டரும் வைஃபையில் இணைந்த ஒரு பதிவுக் கருவியும் இருக்கின்றன. இரண்டும் டைம்ஸ்டாம்ப் பரிமாறிக்கொள்கின்றன. சில நொடிகளுக்கு ஒரு முறை என்று ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தேன். கருவியின் கடிகாரம் 5240 மில்லிசெகண்ட் முந்தி இருப்பதாக விடை வருகிறது. எத்தனை முறை செய்தாலும் அதே விடைதான். ஆனால் இரண்டிலும் ஒரே மாதிரி ஒளி சென்சார் மாட்டி, ஒரே விளக்கைப் போட்டுப் பார்த்தால் 5220தான் வருகிறது. என் சூத்திரம் தவறா?

பதில்: சூத்திரம் சரிதான். விளக்கு சொல்வதும் சரிதான். தவறு, நீங்கள் கவனிக்காமல் ஒப்புக்கொண்ட ஓர் அனுமானத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டு வரிகளாகத்தான் இருக்கும்:

```
offset = ((t2 - t1) + (t3 - t4)) / 2
delay  = (t4 - t1) - (t3 - t2)
```

offset என்பது கருவி எவ்வளவு முந்தி இருக்கிறது என்பது, delay என்பது பாக்கெட் போய் வர வழியில் ஆன மொத்த நேரம். t1 கம்ப்யூட்டர் அனுப்பிய நேரம். t2, t3 இரண்டும் கருவி பெற்றதும் திருப்பி அனுப்பியதும். அவை கருவியின் கடிகாரப்படி. t4 பதில் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்த நேரம். முதல் வரியில் 2-ஆல் வகுக்கிறீர்களே, அங்கேதான் அந்த அனுமானம் ஒளிந்திருக்கிறது. போன நேரமும் வந்த நேரமும் சமம் என்று நாமாகச் சொல்லிக்கொள்கிறோம். நெட்வொர்க் அப்படி எந்த வாக்கும் தரவில்லை.

ஒரே ஒரு பரிமாற்றத்தை எடுத்துக்கொள்வோம், எல்லாம் மில்லிசெகண்டில். t1 = 0, t2 = 5265, t3 = 5269, t4 = 54. போட்டுப் பார்த்தால் offset 5240, delay 50. போக 25, வர 25 என்றால் 5240 சரி. ஆனால் போக 45, வர 5 என்று வைத்துப் பாருங்கள். கருவி 5220 முந்தி இருந்தால், அதே நான்கு எண்கள் இம்மி பிசகாமல் வரும். இரண்டு கதைக்கும் ஒரே சாட்சியம். எது உண்மை என்று அந்த நான்கு எண்களால் சொல்லவே முடியாது. அவை தரும் உறுதி ஒன்றுதான்: உண்மை விடை 5215-க்கும் 5265-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதாவது, delay-இல் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். உங்கள் விளக்கு சொன்ன 5220 இந்த வேலிக்குள்ளேதான் இருக்கிறது, கவனித்தீர்களா?

இங்கே சராசரி உதவாது. இப்படியும் அப்படியும் ஆடும் பிழையைத்தான் சராசரி கரைக்கும். போகும் வழி எப்போதுமே அதிகம் தாமதித்தால், பிழை எப்போதும் ஒரே பக்கம் சாயும். ஆயிரம் முறை அளந்தால் அதே தவறான விடை இன்னும் உறுதியாகத் தெரியும், அவ்வளவுதான்.

சரி, போகும் வழி மட்டும் ஏன் தாமதிக்கிறது? என் சந்தேகம் வைஃபையின் மின்சேமிப்பு மேல். கருவி ரேடியோவை அணைத்துவிட்டுக் கண் அயர்ந்திருக்கும். அதற்கு வரும் பாக்கெட்டை ரவுட்டர் கையில் வைத்துக்கொண்டு, பீக்கன் எனப்படும் தன் அடுத்த அறிவிப்பு வரை காத்திருக்கும். பீக்கன் வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. உங்கள் பாக்கெட் அந்த இடைவெளியில் எங்கு வேண்டுமானாலும் வந்து நிற்கலாம், ஆகவே சராசரிக் காத்திருப்பு 50 வரை போகலாம்; சில நேரம் கருவி விழித்திருந்தால் அது குறையும். கருவி பதில் அனுப்பும்போதோ விழித்திருக்கிறது, உடனே போய்விடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஆயிரம் அளவுகளையும் வரைபடத்தில் இடுங்கள்: கிடையாக delay, மேலே offset. delay 12 இருந்த இடத்தில் offset 5221, 50 இருந்த இடத்தில் 5240, 100 இருந்த இடத்தில் 5265 என்று புள்ளிகள் சாய்வாக ஏறினால், குற்றவாளி போகும் வழிதான். delay கூடுவதில் சரிபாதி offset-இல் ஏறும். கீழ்நோக்கிச் சாய்ந்தால் வரும் வழி. இரண்டு பக்கமும் விரிந்த ஆப்பு போல இருந்தால் இரண்டுமே.

ஆகவே சராசரியை விடுங்கள். delay மிகக் குறைவாக உள்ள அளவை மட்டும் எடுங்கள். 12 மில்லிசெகண்டில் போய் வந்த பாக்கெட் வழியில் எங்கும் படுத்துத் தூங்கியிருக்க முடியாது; அதன் பிழை 6-ஐத் தாண்டவும் முடியாது. நெட்வொர்க் வழியே கடிகாரங்களை ஒத்திசைக்கும் NTP-யும் கடைசி 8 அளவுகளை வைத்துக்கொண்டு, அவற்றில் delay குறைந்ததைத்தான் நம்புகிறது. அளவுகளை ஒரு நிமிடத்துக்குள் எடுத்து முடியுங்கள். மணிக்கணக்கில் நீட்டினால் குவார்ட்ஸ் கடிகாரங்களே ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்துவிடக்கூடும். கருவியில் லினக்ஸ் இருந்தால், root உரிமையோடு இதை இட்டுத் தூக்கத்தையே நிறுத்திப் பாருங்கள்:

```
iw dev wlan0 set power_save off
```

அது முடியாவிட்டால், ஒரு வெறும் பாக்கெட் அனுப்பி கருவியை எழுப்பிவிட்டு, அதற்குப் பதில் வந்த உடனே அடுத்ததை அனுப்பி அளந்து பாருங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "மைக்ரோசெகண்ட் துல்லியம்" என்று மென்பொருள் விற்க வருவார்கள். ஒருமுறை என்னை அழைத்திருந்த இடத்தில், அப்படி ஒன்றை ஒருவர் நல்ல பணம் வாங்கிக்கொண்டு நிறுவியிருந்தார். திரையில் பச்சை எழுத்தில் 0.003 மில்லிசெகண்ட். ஆனால் பதிவேட்டில் சுவிட்ச் போடுவதற்கு முன்பே மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது! அந்த மென்பொருள் தான் கணக்கிட்ட offset-ஐத் தானே திருத்திவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தது. தானே கேள்வித்தாள் எழுதி, தானே மார்க் போட்டுக்கொள்ளும் வேலை. கருவி செய்பவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. டைம்ஸ்டாம்ப் மைக்ரோசெகண்ட் வரை அச்சாகிறது என்பதை அட்டையில் "துல்லியம்" என்று போட்டுவிடுகிறார்கள். கேட்டால் பதில் இருக்காது. "உங்கள் பிழைக்கு எல்லை என்ன, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். delay-இல் பாதி என்றோ, வெளியிலிருந்து சரிபார்த்தோம் என்றோ சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

இனி ஒரு விதிவிலக்கு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். மிகக் குறைந்த delay-ஐ எடுத்த பிறகும் உங்களுக்கு 5221 வரும், விளக்கோ 5220 என்கிறது. அந்த 1 எங்கிருந்து? எந்தத் தூக்கமும் நெரிசலும் இல்லாதபோதும் போக 7, வர 5 எடுத்துக்கொள்கிறது. வித்தியாசத்தில் பாதி, 1. இது நிரந்தரக் கோணல். வரைபடத்தில் சாய்வாகத் தெரியாது. எந்த வடிகட்டலும் இதைத் தொடாது, ஏனென்றால் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகவே தள்ளிப்போய் நிற்கின்றன. துல்லியத்துக்குப் பேர்போன இன்னொரு நேர ஒத்திசைவு முறையான PTP-யிலும் இதற்கு `delayAsymmetry` என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். மனிதர்தான் அதை அளந்து நிரப்ப வேண்டும். வெளிச் சாட்சி வேண்டும்: இரண்டு கருவிகளும் ஒரே கணத்தில் பார்க்கும் ஏதாவது ஒன்று. உங்களிடம் விளக்கு இருக்கிறது. இருபது முப்பது முறை போட்டு அணைத்து, அந்த 1 அசையாமல் நிற்கிறதா பாருங்கள். நின்றால் ஸ்கிரிப்டில் கழித்துவிடலாம். ரவுட்டரை மாற்றினாலோ, கருவியை வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாற்றினாலோ அந்த 1 செல்லாது. மறுபடி விளக்கைப் போட்டுத்தான் ஆகவேண்டும்.