எரிச்சல் இல்லையே, அப்புறம் என்ன பயம்?

“திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லராக இருக்கிறேன். வயது 44. இடுப்பு வலிக்காக இரண்டு வருடமாக வாரத்தில் நாலைந்து நாள் ‘எம்.ஆர்.’ என்று முடியும் மாத்திரை போடுகிறேன். சீட்டு இல்லாமலே மெடிக்கலில் கிடைக்கிறது. பாராசிட்டமால் கலந்தது, வயிற்றை ஒன்றும் செய்யாது என்கிறார் கடைக்காரர். சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன், கூடவே ரேனிடிடினும் போடுகிறேன். வயிற்றெரிச்சல் வந்ததே இல்லை. தொடரலாமா டாக்டர்?”

வேண்டாம், இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு, கையில் இருக்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு அளவு எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கும். பெரும்பாலான எம்.ஆர். மாத்திரைகளில் அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., குளோர்ஸாக்ஸஸோன் 250 மி.கி. என்றுதான் போட்டிருப்பார்கள். சிலவற்றில் முதல் பெயர் டைக்ளோஃபெனாக் என்று இருக்கலாம். வயிற்றைப் புண்ணாக்குவது அந்த முதல் பெயர்தான்.

பாராசிட்டமால் சேர்ந்ததால் மாத்திரை மிதமாகிவிடும் என்று கடைக்காரர் நினைக்கிறார். காரக் குழம்பில் தயிர் ஊற்றுகிற கணக்கு அது. கலப்பில்லாத தனி அசெக்ளோஃபெனாக் மாத்திரையிலும் 100 மி.கி.தான், உங்கள் கலவையிலும் அதே 100 மி.கி.தான். ஒரு மில்லிகிராம்கூடக் குறையவில்லை. ஒரு நாளைக்கு அதன் உச்ச அளவே 200 மி.கி. என்பதால், காலை ஒன்று, இரவு ஒன்று போட்டால் உச்சத்தைத் தொட்டுவிட்டீர்கள். இன்னொரு மருந்தின் துணை கிடைக்கிறது, அதனால் முதல் மருந்தின் அளவைக் குறைப்போம் என்று செய்திருந்தால் கலவைக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். இங்கே முழு அளவோடு இன்னும் இரண்டைச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சாப்பிட்ட பிறகு போடுவது பற்றி. மாத்திரை இரைப்பையில் விழுந்து அந்த இடத்தை அரித்துப் புண்ணாக்குகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது சிறு பங்குதான். பெரிய சேதம் ரத்தம் வழியாக வருகிறது. வலியை உண்டாக்கும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருளை உடல் தயாரிக்காமல் இந்த மருந்து தடுக்கிறது, அதனால் வலி குறைகிறது. அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரில் சளிப்படலத்தை ஊற வைக்கிறது, அங்கே ரத்த ஓட்டத்தையும் காக்கிறது. அது நின்றால் நம்முடைய அமிலமே நம் இரைப்பையைத் தின்னும். சோற்றுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையலாம், புண் வருவது நிற்காது. ‘மாத்திரைதானே வயிற்றுக்கு ஆகாது, ஊசி போட்டுவிடுங்கள்’ என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். ஊசியில் போகும் டைக்ளோஃபெனாக்கும் ரத்தத்தில்தானே சேர்கிறது!

எரிச்சல் வந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி அதுதான். வலி மாத்திரையால் வரும் புண் பல பேருக்கு வலிக்கவே வலிக்காது. போடுவது வலி மாத்திரை, அது இடுப்பு வலியை மட்டும் பார்த்து மறைக்குமா என்ன?

எங்கள் எண்டோஸ்கோபி அறைக்கு ஒருவர் வந்தார். 51 வயது, லோடு ஆட்டோ ஓட்டுபவர். வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாவி போடக்கூடத் தெம்பில்லை என்றார். ஹீமோகுளோபின் 6.4. அதற்கு முன்பு பார்த்த இடத்தில் சோகை என்று சொல்லி மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். ரத்தம் ஏன் குறைகிறது என்று யாரும் கேட்கவில்லை. மலம் கறுப்பாகப் போகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். இரும்பு மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும் என்று அனுப்பிவிட்டார்கள்.

சட்டைப் பையில் என்ன மாத்திரை இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று முழங்கால் வலிக்கு ஒரு டாக்டர் எழுதியது, பெயர் ‘பி’ என்று முடிகிறது. இன்னொன்று கழுத்து வலிக்கு வேறொரு டாக்டர் எழுதியது, அது ‘எம்.ஆர்.’ இரண்டிலும் அசெக்ளோஃபெனாக் 100. ஒவ்வொன்றையும் தினம் இரண்டு வேளை போட்டிருக்கிறார். அதாவது உச்ச அளவைப் போல இரண்டு மடங்கு, மாதக் கணக்கில். அவர் கண்ணுக்கு அவை கால் மாத்திரை, கழுத்து மாத்திரை. கம்பெனி வேறு, பெட்டியின் நிறம் வேறு, ஒரே மருந்து என்று அவருக்கு எப்படித் தெரியும்? எண்டோஸ்கோபியில் இரைப்பையின் அடிப்பகுதியில் ஒன்றரை சென்டிமீட்டர் புண், அதன் நடுவே உறைந்த ரத்தம். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினோம். புண்ணின் ஓரத்திலிருந்து சதை எடுத்து, புற்று இல்லை என்று உறுதி செய்தோம். எட்டு வாரம் அமிலம் குறைக்கும் மாத்திரை கொடுத்து, ஆறிவிட்டதா என்று திரும்பவும் குழாய் விட்டுப் பார்த்தோம். கடைசி வரை அந்த மனிதர் ‘எனக்கு வயிறு வலிச்சதே இல்லையே சார்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் துணைக்குப் போடும் ரேனிடிடினை எல்லோரும் கேஸ் மாத்திரை என்பார்கள். வழக்கமாகப் போடும் அளவில் அது சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண்ணை ஓரளவு தடுக்கும். இரைப்பைப் புண்ணைத் தடுக்காது. அதற்கு பாண்டோப்ரஸோல், ஒமிப்ரஸோல் வகை வேண்டும், அதுவும் காலை உணவுக்கு அரை மணி முன்பு. உணவுக்குப் பின் வலி மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் பாதிப் பலன் போச்சு. இந்த வகையும் குடலின் கீழ்ப்பகுதியைக் காப்பாற்றாது. ஆகவே ‘பாண்டோப்ரஸோல் போட்டுக்கொண்டு வருடக் கணக்கில் தொடர்கிறேன்’ என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள்.

மூன்றாவது பெயர், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து. வயிற்றுப் புண்ணில் அதற்குப் பெரிய பங்கு இல்லை. ஆனால் தூக்கக் கலக்கம் தரும், தையல் மெஷின் ஊசிக்கு அடியில் விரல் வைப்பவர் அதை யோசிக்க வேண்டும். சில நாள் பிடிப்புக்கு என்று வந்த மருந்து அது, வருடக் கணக்கில் போட அல்ல.

இனி மெடிக்கல் கடை விஷயம். உங்கள் அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். சட்டம் இருக்கிறது, கோடும் இருக்கிறது, கடையில் கடலை மிட்டாய் மாதிரி விற்பனையும் நடக்கிறது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கலவை மருந்துகளைத் தடை செய்தது. அதில் அசெக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமால் 125 என்ற சின்ன அளவுக் கலவையும் உண்டு. நீங்கள் போடும் பெரிய அளவு அப்படியே கடையில் இருக்கிறது! பட்டியல் போடுகிறார்கள், தடை செய்கிறார்கள், கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போகின்றன. இந்தக் கூத்து முடியும் வரை உங்கள் இரைப்பை காத்திருக்குமா?

அட்டையில் வருவதாவது பரவாயில்லை. ‘செட் மாத்திரை’ என்று உதிரியாக நாலைந்தைச் சின்னக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள் பாருங்கள், அதைத் தொடவே கூடாது. அதில் ஒன்று வலி மாத்திரை, ஒன்று கேஸ் மாத்திரை. இன்னொன்று பல சமயம் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. சாயங்காலம் போட்டால் காலையில் ஓடலாம் போல இருக்கும், அதனால்தான் கடைக்குக் கூட்டம். வலி மாத்திரையோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து பல மடங்கு ஏறும். நோயாளி கொண்டுவரும் கவரில் பெயரே இருக்காது. நான் நிறத்தை வைத்துச் சோதிடம் பார்க்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. இந்த வாரமே முழு ரத்தப் பரிசோதனை ஒன்று எடுங்கள். ஹீமோகுளோபின் ஆணுக்கு 13-க்கும், பெண்ணுக்கு 12-க்கும் கீழே இருந்தால் குடல் இரைப்பை மருத்துவரைப் பாருங்கள், வெறும் சத்து மாத்திரையோடு திரும்பி வராதீர்கள். மலத்தைக் கவனியுங்கள். இரும்பு மாத்திரையால் வரும் கறுப்பு, கரும்பச்சையாக, கட்டியாக இருக்கும். ரத்தம் கசிந்து வரும் கறுப்பு ரோட்டுத் தார் மாதிரி பளபளப்பாக ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது, நாற்றம் குடலைப் புரட்டும். அப்படிப் போனாலோ, காபித்தூள் கரைசல் போல வாந்தி வந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலிக்கு இப்போதைக்குத் தனி பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஈரல் நோய் இருந்தால் இதையும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். உண்மையைச் சொன்னால் இடுப்பு வலிக்கு அது பெரிதாகக் கேட்காது. முதுகைச் சாய்க்க இடமில்லாத ஸ்டூலில் குனிந்தபடி பத்து மணி நேரம் உட்காரும் வலி அது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் முதுகுப் பயிற்சி கற்றுக்கொள்வதுதான் வழி. தாங்கவே முடியாத நாட்களுக்கு ஏதேனும் ஒரே ஒரு வலி மருந்து, குறைந்த அளவில், மூன்று முதல் ஐந்து நாள், பாண்டோப்ரஸோல் துணையோடு என்று டாக்டர் எழுதித் தந்தால் போடலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது தவறு செய்வார்கள். உங்கள் வீட்டில் மாரடைப்பு வந்தவரோ, ஸ்டென்ட் வைத்தவரோ இருக்கலாம். அவர் தினமும் போடும் 75 மி.கி. ஆஸ்பிரினும் இதே குடும்பத்து மருந்துதான், அதுவும் இரைப்பையைப் புண்ணாக்கும். ஆனால் ‘வலி மாத்திரை வேண்டாம்னு டாக்டர் எழுதியிருக்கார்’ என்று அதை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிர் போகும். நிறுத்த வேண்டியது அதன் மேல் போடும் மூட்டு வலி மாத்திரையை. இரண்டும் சேரும்போது கசிவு ஆபத்து கூடுகிறது, டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் இரண்டுமே இதயத்துக்கும் ஆகாது. இன்னொரு முறை சொல்கிறேன்: ஆஸ்பிரின் தொடரும், வலி மாத்திரை நிற்கும். ஆஸ்பிரின் போடும்போது மலம் கறுத்தாலும் நீங்களாக முடிவு எடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நிறுத்துவதா தொடர்வதா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் கிடக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மெடிக்கலில் கத்தரித்துக் கொடுத்த துண்டுகளில் பாதிப் பெயர்தான் இருக்கும். அவற்றையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.