அட்டையில் தட்டம்மை ஊசி இருக்கிறது, ரூபெல்லா எங்கே?

டர்பனில் நெடுங்காலம் தடுப்பூசிப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

செவிலியர் பயிற்சி மாணவி, சாட்ஸ்வர்த்: நான் 1999இல் பிறந்தேன். ஒன்பதாம் மாதமும் பதினெட்டாம் மாதமும் தட்டம்மை ஊசி போட்டதாக என் அட்டையில் முத்திரை இருக்கிறது. ஆனாலும் கல்லூரியில் எம்.எம்.ஆர். கேட்கிறார்கள். ஏப்ரல் இறுதியில் எனக்குத் திருமணம். என்ன செய்வது?

உங்கள் அட்டையில் இருப்பது தட்டம்மைக்கு மட்டுமான ஊசி. தென்னாப்பிரிக்க அரசு மருத்துவ நிலையங்களில் அண்மைக் காலம்வரை குழந்தைகளுக்கு அதைத்தான் போட்டார்கள். தட்டம்மையோடு பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய இரண்டையும் சேர்த்துத் தடுக்கும் எம்.எம்.ஆர்., தனியார் மருத்துவரிடம் பணம் கொடுத்துப் போட்டுக்கொண்டவர்களுக்கே கிடைத்தது. ஆகவே இரண்டு முத்திரைகள் இருந்தும், ரூபெல்லாவைப் பொறுத்தவரை நீங்கள் ஊசியே போடாதவர்தான். மேலும், ஓராண்டு நிறைவதற்கு முன் போட்ட தட்டம்மைத் தவணையைப் பல நாடுகளில் வாழ்நாள் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனெனில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் அந்த வயதில் ஊசியின் வேலையைக் கெடுத்துவிடக்கூடும்.

ரூபெல்லாவுக்கு ஒரு தவணையே பெரும்பாலோருக்குப் போதும். நோயாளிகளிடையே பணிபுரியப் போகிறவருக்குப் பொன்னுக்குவீங்கியையும் தட்டம்மையையும் கருதி, குறைந்தது 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை போடுவார்கள். முதல் தவணையைப் பிப்ரவரி 3 அன்று போட்டால், இரண்டாவதை மார்ச் 3 அன்றோ அதற்குப் பிறகோ போடலாம். கடைசி ஊசிக்குப் பின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்பதால், ஏப்ரல் தொடங்கும்போது அந்தத் தடையும் நீங்கிவிடும்.

மாணவிகள் தவறுவது வேறோர் இடத்தில். கல்லூரி காசநோய்த் தோல் பரிசோதனையையும் கேட்கும். எம்.எம்.ஆர். போட்ட சில நாள் கழித்து அதைச் செய்தால், உண்மையில் தொற்று இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும். இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடுங்கள். இல்லையெனில் ஊசிக்குப் பின் நான்கு வாரம் பொறுத்திருங்கள். ஹெப்படைடிஸ் பி ஊசிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஊசி போட்ட ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் விரல், முழங்கால் மூட்டுகளில் வலி வந்தால் அஞ்ச வேண்டாம். ரூபெல்லா எதிர்ப்பாற்றல் இல்லாத வயதுவந்த பெண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அது வரும், தானே அடங்கிவிடும்.

வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்: 1957க்கு முன் பிறந்தவர்களுக்கு இந்த ஊசி வேண்டாம் என்று படித்தேன். அப்படியென்றால் இங்கே ஊசித் திட்டம் வருமுன் பிறந்த எல்லோருக்குமே வேண்டாம் அல்லவா?

அது அமெரிக்க விதி. அக்காலத்தில் அங்கே பிறந்த ஏறக்குறைய எல்லோருக்கும் தட்டம்மை இயல்பாகவே வந்துபோயிருக்கும் என்ற அனுமானத்தில் எழுந்தது. அங்கேயும் கருத்தரிக்கக்கூடிய பெண்களின் ரூபெல்லாவுக்கு அதைச் சான்றாக ஏற்பதில்லை. நம் நாட்டிலும் பெரும்பாலான பெண்களுக்குச் சிறுவயதிலேயே ரூபெல்லா வந்துபோயிருக்கும் என்பதில் நீங்கள் சொல்வது சரியே. ஆனால் வராமல் தப்பிய சிலர் யார் என்று பிறந்த ஆண்டை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு தாய், ஃபீனிக்ஸ்: என் மகளுக்கு ஐந்து வயதில் அம்மை போட்டது, வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். அவளுக்கு இனி எதுவும் தேவையில்லையே?

அம்மா, நம் மொழியில் அம்மை என்ற ஒரே சொல் பல நோய்களைக் குறிக்கிறது. நீர் கோத்த கொப்புளங்கள் என்றால் அது சின்னம்மையாக இருந்திருக்கும். அதற்கும் ரூபெல்லாவுக்கும் தொடர்பில்லை. ரூபெல்லாவோ மெல்லிய சிவப்புத் தடிப்புகளுடன் இரண்டு மூன்று நாளில் போய்விடும். பலருக்கு வந்ததே தெரியாது. ஆகையால் வீட்டார் நினைவைச் சான்றாகக் கொள்ள முடியாது. இரத்தப் பரிசோதனை செய்யலாம், ஆனால் கட்டாயமில்லை. ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உள்ளவருக்கு இன்னொரு முறை போடுவதால் தீங்கு இல்லை.

ஒரு பெண், டோங்காட்: ஊசி போட்ட பத்தாம் நாள் கருவுற்றிருப்பது தெரிந்தது. கலைத்துவிட வேண்டுமா என்று மாமியார் கேட்கிறார்.

வேண்டாம். இது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் ஆன ஊசி என்பதால்தான் கருவுற்றவருக்கு முன்னெச்சரிக்கையாகத் தவிர்க்கிறோம். ஆயினும் அறியாமல் போட்டுக்கொண்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஊசியால் பிறவி ரூபெல்லா பாதிப்பு வந்த குழந்தை ஒன்றும் பதிவாகவில்லை. இயற்கையாக வரும் ரூபெல்லா முற்றிலும் வேறு: முதல் பன்னிரண்டு வாரத்தில் தாயைத் தாக்கினால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றுமே கெடக்கூடும். கண்புரையோடு பிறந்த அத்தகைய ஒரு குழந்தையை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். அதனால்தான் இதை வலியுறுத்துகிறேன். ஊசி போட்ட தேதியை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள், மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மருந்தாளுநர் மாணவி, டர்பன்: இரண்டு எம்.எம்.ஆர். தவணைக்கான சான்றும் இருக்கிறது. ஆனால் ரூபெல்லா எதிர்ப்பொருள் அளவு 10க்குக் கீழே என்று வந்திருக்கிறது.

இங்கே மருத்துவர்களே ஒத்துப்போவதில்லை. இரண்டு தவணைச் சான்று இருந்தால் எண்ணைப் பார்க்காதே என்பார்கள் சிலர். கருத்தரிக்கும் வயதுப் பெண் என்றால் மூன்றாவது ஒன்று போடலாம் என்பார்கள் வேறு சிலர். நான் என் மகளுக்கென்றால் மூன்றாவதைப் போட்டிருப்பேன். அதற்குமேல் போட்டுக்கொண்டே போவதில் பயனில்லை.