ரிப்போர்ட்டில் நார்மல், வீட்டில் தூக்கம்: வலிப்பு மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. வலிப்புக்காக சாதாரண கார்பமாசெபின் 400 மி.கி. காலையும் இரவும் பல வருடமாக எடுக்கிறார். இரண்டு மாதம் முன்பு வால்ப்ரோயேட் 500 மி.கி. இருவேளை சேர்த்தார்கள். அதிலிருந்து ஒரே தூக்கம். சில நாள் காலையில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறார். ரத்தத்தில் மருந்து அளவு பார்த்தோம். கார்பமாசெபின் 10, வால்ப்ரோயேட் 82, இரண்டும் நார்மல் என்று போட்டிருக்கிறது. மருந்துக்கடையில் இரண்டையும் பாதியாக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று பாதியாக்கினால், இத்தனை நாள் அடங்கியிருந்த வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து ஐ.சி.யூ. வரைக்கும் போகலாம். போதாததற்கு இந்த இரண்டு மருந்தும் ஒன்றையொன்று ஆட்டிவைக்கும் ஜோடி. கார்பமாசெபின் உடம்பில் இருக்கிறவரை வால்ப்ரோயேட்டை வேகமாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும், அதைக் குறைத்துவிட்டால் அடுத்த சில வாரங்களில் வால்ப்ரோயேட் தானாக ஏறும். எதை முதலில் தொடுவது, எவ்வளவு தொடுவது என்பது உங்கள் நரம்பியல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. அந்தக் கடைக்காரருக்கு உங்கள் கணவரின் வலிப்பு எந்த வகை என்றாவது தெரியுமா?

அதே நேரம் ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருப்பதால் விட்டுவிடவும் கூடாது. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது தூக்கத்தைவிட அந்த இரட்டைப் பார்வை. புதிதாக ஒரு வலிப்பு மருந்து சேர்த்தால் முதல் இரண்டு மூன்று வாரம் அசதியும் தூக்கமும் இருக்கும், பிறகு பெரும்பாலானவர்களுக்குக் குறையும். அப்படி வரும் தூக்கம் தனியாக வரும். மருந்து அளவு மிஞ்சும்போது வரும் தூக்கம் துணையோடு வரும். கார்பமாசெபின் என்றால் இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, தலை சுற்றல், குமட்டல், பேச்சு குழறுவது. வால்ப்ரோயேட் என்றால் கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம். இரண்டு மாதம் ஆகியும் தூக்கம் குறையவில்லை, கூடவே கண்ணும் இரட்டிக்கிறது என்றால் பழகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

ஒரு வாரம் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். காலை மாத்திரை போட்ட நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள், இரட்டைப் பார்வை எப்போது தொடங்கி எப்போது விடுகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்து, மத்தியானத்துக்குள் தெளிந்துவிட்டால் அது கார்பமாசெபின் ரத்தத்தில் உச்சிக்குப் போகும் நேரம். சாதாரண மாத்திரை சீக்கிரம் கரைந்து அளவைச் சட்டென்று மேலே கொண்டுபோய் இறக்கும். மெதுவாகக் கரையும் வகையில், அட்டையில் சி.ஆர். என்று போட்டிருக்கும், இந்த ஏற்ற இறக்கம் குறைவு. அந்த ஒரு வாரத் தாளை மருத்துவரிடம் காட்டினால் அவர் மொத்த அளவைத் தொடாமலே சி.ஆர். மாத்திரைக்கு மாற்றலாம், அல்லது அதே அளவை மூன்று வேளையாகப் பிரிக்கலாம். நிறையப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். சி.ஆர். மாத்திரையைப் பொடி செய்யவோ மெல்லவோ கூடாது, செய்தால் சாதாரண மாத்திரை போட்டதுபோல்தான்.

அப்புறம் அந்த 10. ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ரிப்போர்ட்டிலும் இருக்காது. இந்தப் பரிசோதனைக்கு அந்த நேரம்தான் உயிர், ஆனால் பல லேப் படிவங்களில் கடைசி மாத்திரை எப்போது போட்டீர்கள் என்று கேட்க ஒரு கட்டம்கூடக் கிடையாது. எத்தனை தடவை சொல்லியும் மாற்றமாட்டேன் என்கிறார்கள். காலை மாத்திரைக்கு முன்னால் எடுத்த ரத்தத்தில் 10 என்றால், அன்றைக்கு அவருக்கு அதுதான் அடிமட்டம், மாத்திரை உள்ளே போனபின் மேல் வரம்பான 12-ஐத் தாண்டவும் இடமுண்டு. பதினோரு மணிக்கு எடுத்ததில் 10 என்றால் அதுவே உச்சம். ஒரே எண், இரண்டு வேறு கதை. கார்பமாசெபினுக்கு ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் 4 முதல் 12 வரை, வால்ப்ரோயேட்டின் 50 முதல் 100 வரை, இரண்டுமே மாத்திரைக்கு முன்னால் எடுத்த ரத்தத்தை வைத்துச் சொன்னவை. இன்னொரு வலிப்பு மருந்து கூட இருக்கும்போது கார்பமாசெபின் 8-ஐத் தாண்டினாலே தாங்காதவர்கள் உண்டு.

ஆகவே மறுபடி எடுப்பதானால், மருந்து அளவு எதுவும் மாறாமல் குறைந்தது ஒரு வாரம் ஆன பிறகு, காலையில் மாத்திரை போடுவதற்கு முன் எடுங்கள். ரத்தம் கொடுத்த கையோடு மாத்திரையைப் போட்டுவிடச் சொல்லுங்கள், வேளையைத் தவறவிட வேண்டாம். முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் இதுவும் அடக்கம் என்று சொல்லி, தன் வசதிக்குப் பத்து மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் ஏஜென்டுகளிடம் இதைக் கொடுக்காதீர்கள். நாற்பது பரிசோதனை எண்கள் வரும், உங்களுக்குத் தேவையான ஒரே எண் பயன்படாமல் போகும்.

உங்கள் கணவர் விஷயத்தில் சரியான நேரத்தில் எடுத்தாலும் கார்பமாசெபின் எண் மட்டும் முழு உண்மையைச் சொல்லாது. உடம்பு கார்பமாசெபினை எபாக்சைடு என்ற இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அதுவும் வலிப்பைத் தடுக்கும், அதுவும் தூக்கத்தையும் இரட்டைப் பார்வையையும் கொடுக்கும். சாதாரணமாகக் கல்லீரல் அதைக் கழித்துக்கொண்டே இருக்கும். வால்ப்ரோயேட் அந்த வேலையைத் தடுப்பதால் எபாக்சைடு தேங்கும். வழக்கமான லேப் பரிசோதனை கார்பமாசெபினை மட்டும்தான் அளக்கிறது, எபாக்சைடை அளப்பதில்லை. வால்ப்ரோயேட் சேர்த்த பிறகு தொடங்கிய தொந்தரவு, இரட்டைப் பார்வை, ஆனால் எண் நார்மல் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். உங்கள் மருத்துவரிடம் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாமல், வால்ப்ரோயேட் சேர்த்த பிறகுதான் கண் இரட்டிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்று நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்பும் இடத்தில், நார்மல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுவார்கள். எபாக்சைடு தேங்குவதுதான் காரணம் என்று பட்டால் மருத்துவர் கார்பமாசெபினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதுதான் அடிக்கடி தவறவிடப்படுகிறது. வால்ப்ரோயேட் சிலருக்கு ரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றிவிடும். வால்ப்ரோயேட் அளவு 82 ஆக இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம், எஸ்ஜிபிடி போன்ற கல்லீரல் பரிசோதனைகளும் சரியாகவே வரலாம், ஆனாலும் அம்மோனியா ஏறியிருக்கும். மருந்து தொடங்கிய சில நாளிலும் வரும், வருடங்கள் கழித்தும் வரும். டோபிரமேட்டோ பீனோபார்பிட்டலோ கூடவே எடுப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இந்தத் தூக்கத்துக்கு மாத்திரை நேரத்தோடு சம்பந்தமிருக்காது. காலை, மாலை என்றில்லாமல் நாள் முழுக்க மந்தமாக இருப்பார், கேட்ட கேள்விக்கு வெகுநேரம் கழித்துப் பதில் வரும், பாதிப் பேச்சில் என்ன சொல்லவந்தோம் என்பதை விட்டுவிடுவார், வாந்தியும் இருக்கலாம். வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, யாரையோ நிறுத்தச் சொல்வதுபோல உள்ளங்கையை மேலே தூக்கி, அப்படியே அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு தன்னையறியாமல் தொப்பென்று விழுந்து விழுந்து எழுந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். விழாவிட்டால் அம்மோனியா இல்லை என்று அர்த்தம் கிடையாது, மந்தம் இருந்தால் பரிசோதனை வேண்டும்.

அந்தப் பரிசோதனையையும் வீட்டில் ரத்தம் எடுத்துப் பையில் போட்டு ஊர் சுற்றி லேபுக்கு அனுப்பினால் பயனில்லை. குழாயில் கிடக்கும் ரத்தத்திலேயே அம்மோனியா ஊறிக்கொண்டே போகும், எண் பொய்யாக உயர்ந்து வரும். கையை இறுக்கிக் கட்டாமல், முஷ்டியை மடக்கிப் பிடிக்கச் சொல்லாமல் எடுத்து, ஐஸில் வைத்து உடனே லேபுக்குப் போக வேண்டும். அதாவது லேப் உள்ள மருத்துவமனையிலேயே எடுக்க வேண்டும். இங்கே எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. வால்ப்ரோயேட் எடுக்கும் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே அம்மோனியா லேசாக உயர்ந்திருக்கும், அதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. மந்தமும் உயர்ந்த அம்மோனியாவும் சேர்ந்து இருந்தால்தான் மருத்துவர் வால்ப்ரோயேட்டை நிறுத்தி வேறு மருந்துக்குப் போவார், சிலருக்கு லெவோகார்னிட்டினும் கொடுப்பார்.

கார்பமாசெபின் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்தும் தூக்கத்தைக் கொடுக்கும், மறுபடி ரத்தம் எடுக்கும்போது சோடியமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக மருந்துக்கடை. தொண்டை வலி, சளி என்று போய் நின்றால் கிளாரித்ரோமைசினோ எரித்ரோமைசினோ எடுத்து நீட்டுகிறார்கள், வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. இவை கார்பமாசெபின் கழிவதைத் தடுத்து, சில நாளிலேயே ஆள் தள்ளாடும் அளவுக்கு ஏற்றிவிடும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளுகோனசோலும் அப்படித்தான். சளி மாத்திரை, இருமல் மருந்து பலவற்றில் தனியாகவே தூக்கம் தரும் மருந்து உண்டு. இதைவிட எனக்குக் கோபம் வருவது, எழுதிய சி.ஆர். மாத்திரை இல்லை, இதுவும் அதேதான் என்று சாதாரண மாத்திரையைக் கொடுப்பது. கடந்த இரண்டு மாதத்து அட்டைகளை எடுத்து வைத்துப் பாருங்கள், இடையில் மாத்திரை மாறியிருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அட்டையில் மீதி எத்தனை என்றும் எண்ணுங்கள். தூக்கக் கலக்கத்தில் போட்ட மாத்திரையை மறந்து மறுபடி போடுவது சாதாரணமாக நடப்பது, வேளைக்கு ஒரு அறை உள்ள டப்பாவில் நீங்களே போட்டுவைத்தால் அது தெரிந்துவிடும்.

கண் இரட்டிப்பது நிற்கும்வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது. தட்டி எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, ஆள் அடையாளம் குழம்புகிறது, வாந்தி நிற்கவில்லை, வலிப்பு முன்பைவிட அதிகம் வருகிறது, மாத்திரை கூடுதலாக விழுங்கிவிட்டார் என்ற சந்தேகம், இதில் எது இருந்தாலும் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். கூடுதலாக விழுங்கியிருந்தால் முதல் சில மணி நேரம் நன்றாக இருக்கிறார் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள், கார்பமாசெபின் குடலில் தங்கி நின்று நேரம் கழித்தும் ஏறும். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும்.