இரண்டு பத்தாயிரம் வந்தது, மூன்றாவது எங்கே?

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். வேலை முடிந்து வரும் வழியில் ஒரு ஸ்க்ராட்ச் கார்ட் வாங்குவேன். பல தடவை ஒரே ஒரு கட்டத்தில் பெரிய பரிசு தவறிப்போகிறது. உடனே இன்னொன்று வாங்கிவிடுகிறேன். பரிசு நெருங்கி வருகிறது என்று அர்த்தமா?

பதில்: இல்லை. உங்கள் கையில் இருப்பது அச்சகத்திலேயே முடிவான சீட்டு. நீங்கள் சுரண்டுவதால் அதில் எதுவும் மாறாது.

ஒன்பது கட்டங்கள், ஒரே தொகை மூன்று முறை வந்தால் பரிசு என்று ஒரு கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோற்கும் கார்டில் எந்தத் தொகையும் இரண்டு முறைக்கு மேல் வரக் கூடாது. அச்சடிப்பவர் ஐந்து தொகைகளை மட்டும் பயன்படுத்தினால் 10,000 இரண்டு, 100 இரண்டு, 20 இரண்டு, 5 இரண்டு, 50 ஒன்று என்பது போலத்தான் நிரப்ப முடியும். அதாவது தோற்கும் ஒவ்வொரு கார்டிலும் நான்கு ஜோடிகள் இருந்தே தீரும். ஒன்பது வேறு வேறு தொகைகளைப் போட்டிருந்தால் ஒரு ஜோடிகூட வந்திருக்காது. ஆக, ‘கொஞ்சத்தில் போச்சு’ என்பது கார்டின் வடிவமைப்பிலேயே இருக்கிறது, உங்கள் அதிர்ஷ்டத்தில் இல்லை.

அப்படியானால் ஏன் கை மறுபடியும் பர்ஸுக்குப் போகிறது? கேரம் போர்டில் காய் குழியின் ஓரத்தில் பட்டு நின்றால், அடுத்த அடியைத் திருத்திக்கொள்ளலாம். அங்கே நூலிழையில் தவறுவது பயனுள்ள செய்தி. மூளை கார்டையும் அதே கணக்கில் வைத்துவிடுகிறது. எந்தக் கட்டத்தை முதலில் சுரண்டுவது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று நாமே தீர்மானிப்பதால், ஏதோ நம் கையில் இருப்பது போன்ற நினைப்பு இன்னும் வலுக்கிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்க்ராட்ச் கார்டை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். நூலிழையில் தவறிய கார்ட், சாதாரணத் தோல்வியைவிட அதிக எரிச்சலைத் தந்தது. ஆனாலும் விளையாடும் ஆசையைக் கூட்டியது. இரண்டிலும் பரிசு பூஜ்யம்தான் என்பது வேறு விஷயம்.

சரி, என்ன செய்யலாம்? கடை வாசலிலேயே சுரண்டாதீர்கள். இன்னொன்று வாங்கும் அந்த வேகம் சுரண்டிய கையோடு வருவது. அந்த நேரத்தில் கல்லா இரண்டடி தூரத்தில் இருக்கக் கூடாது. அப்புறம், கட்டங்களை விட்டுவிட்டு பார்கோடு இருக்கும் இடத்தை மட்டும் சுரண்டி, கடையில் சீட்டுச் சரிபார்க்கும் இயந்திரத்தில் காட்டிப் பாருங்கள். பரிசு உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியும். இரண்டு பத்தாயிரம் கண்ணிலேயே படாது. இப்படிப் பார்ப்பதில் சுவாரஸ்யமே இல்லை என்று தோன்றினால், இத்தனை நாளும் எதற்குக் காசு கொடுத்தீர்கள் என்பது புரிந்துவிடும்.

வீட்டுச் செலவுப் பணத்தில் கைவைக்கும் நிலை வந்திருந்தால், ஒன்டாரியோவின் கனெக்ஸ் ஒன்டாரியோ உதவி எண்ணை அழையுங்கள்: 1-866-531-2600. 24 மணி நேரமும் இலவசம், ரகசியம் காப்பார்கள்.